விற்பனைப் பட்டியலில் இரண்டு நெடுவரிசைகள்: இதுவரை மொத்தமும் மொத்தத்தில் பங்கும்

மாதவாரி விற்பனையை எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ எழுதி வைத்திருக்கும் எவருக்கும், அந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் இரண்டு கேள்விகள் எழும். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இந்த மாதம் முடிய எவ்வளவு விற்றிருக்கிறது என்பது ஒன்று. மொத்த விற்பனையில் இந்த மாதத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடையைத் தரும் நெடுவரிசைக்கு 'இதுவரை மொத்தம்' என்றும், இரண்டாவதற்கு 'பங்கு' என்றும் இந்தக் கட்டுரையில் பெயர் வைத்துக்கொள்வோம். கூட்டலும் வகுத்தலும் தவிர வேறு எந்தக் கணக்கும் இவற்றுக்குத் தேவையில்லை. ஆனால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது எந்த செல் நகர வேண்டும், எந்த செல் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாவிட்டால், தவறான விடைகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்து நிற்கும்.

எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் ஒன்றின் அருகே உள்ள எழுதுபொருள் கடையின் அரையாண்டு விற்பனையை எடுத்துக்கொள்வோம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் பட்டியலும் ஏப்ரலில் தொடங்குகிறது. பள்ளிகள் ஜூனில் திறப்பதால் அந்த மாதத் தொகை மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது. கணக்குப் பார்க்க எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக நாமே வைத்துக்கொண்ட தொகைகள் இவை.

| | A | B |
|---|---|---|
| 1 | மாதம் | விற்பனை |
| 2 | ஏப்ரல் | 42,000 |
| 3 | மே | 68,000 |
| 4 | ஜூன் | 1,55,000 |
| 5 | ஜூலை | 74,000 |
| 6 | ஆகஸ்ட் | 51,000 |
| 7 | செப்டம்பர் | 60,000 |
| 8 | மொத்தம் | 4,50,000 |

B8 செல்லில் உள்ள மொத்தம் கையால் எழுதப்பட்டதல்ல. `=SUM(B2:B7)` என்ற சூத்திரத்தின் விடை. C1 செல்லில் 'இதுவரை மொத்தம்' என்றும் D1 செல்லில் 'பங்கு' என்றும் தலைப்பு எழுதிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

இதுவரை மொத்தத்தை எழுதுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் 'முன்பக்கத் தொகை' என்று எழுதிக்கொண்டு அதற்குமேல் கூட்டிச் செல்வதைப் போன்றது. ஏப்ரலுக்கு முன் எதுவும் இல்லாததால் C2 செல்லில் ஏப்ரல் விற்பனையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். C3 செல்லில், மேலே உள்ள தொகையோடு இந்த மாத விற்பனையைக் கூட்டுகிறோம்.

```
C2:  =B2
C3:  =C2+B3
```

C3 செல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தைப் பிடித்து C7 வரை இழுத்தால், C4 செல்லில் `=C3+B4` என்றும் C5 செல்லில் `=C4+B5` என்றும் சூத்திரம் தானாகவே மாறிக்கொள்ளும். விடைகள் முறையே 42,000, 1,10,000, 2,65,000, 3,39,000, 3,90,000, 4,50,000 என்று வரும். இழுக்கும்போது செல் முகவரிகள் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று கீழே இறங்குவதுதான் விரிதாளின் இயல்பான நடத்தை; இந்த முறையில் அந்த நடத்தையே நமக்குப் போதுமானதாக இருக்கிறது.

இந்த முறை புரிந்துகொள்ள எளியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு செல்லும் தனக்கு நேர் மேலே இருக்கும் செல்லை நம்பியிருப்பதால், நடுவில் கைவைத்தால் சங்கிலி அறுந்துவிடும். ஜூன் வரிசையை முழுவதுமாக நீக்கிப் பாருங்கள். ஜூலையின் சூத்திரம் தேடும் செல் இல்லாமல் போவதால் அங்கே `#REF!` என்ற பிழை தோன்றும். ஜூலையை நம்பியிருக்கும் ஆகஸ்டுக்கும், ஆகஸ்டை நம்பியிருக்கும் செப்டம்பருக்கும் அதே பிழை பரவும். இது கண்ணுக்குத் தெரிகிற பிழை என்பதால் ஆபத்து குறைவு.

புதிய வரிசையைச் செருகும்போது நடப்பதுதான் உண்மையில் கவலைக்குரியது. ஜூனில் பள்ளி ஒன்றுக்கு மொத்தமாகக் கொடுத்த சரக்கைத் தனி வரிசையில் காட்ட வேண்டும் என்று ஜூனுக்கும் ஜூலைக்கும் இடையில் ஒரு வரிசையைச் செருகி, B நெடுவரிசையில் தொகையையும் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஜூலையின் சூத்திரம் ஜூன் செல்லைத்தான் இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கும்; அதாவது `=C4+B5` என்றிருந்தது இப்போது `=C4+B6` ஆகியிருக்கும். புதிய வரிசையான 5 அந்தச் சூத்திரத்தில் எங்குமே இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது. எண்களும் ஏறுமுகமாகவே இருக்கும். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள எல்லாத் தொகைகளும் செருகிய தொகையின் அளவுக்குக் குறைவாக இருக்கும்.

இரண்டாவது வழியில் மேலே உள்ள விடையை நம்புவதில்லை. ஒவ்வொரு வரிசையும், பட்டியலின் முதல் தொகையிலிருந்து தன்னுடைய தொகை வரை புதிதாகக் கூட்டிக்கொள்கிறது. C2 செல்லில் பின்வருமாறு எழுதி, அதையே C7 வரை இழுக்க வேண்டும்.

```
=SUM($B$2:B2)
```

இதில் `$` குறி செய்யும் வேலையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது. `B2` என்று வெறுமனே எழுதினால், இழுக்கும்போது அது B3, B4 என்று இறங்கும். `$B$2` என்று எழுதினால், எங்கே இழுத்தாலும் எங்கே நகலெடுத்தாலும் அது B2 ஆகவே இருக்கும். மேலே உள்ள சூத்திரத்தில் இரண்டு புள்ளிக்கு முன்னால் உள்ள தொடக்கம் பூட்டப்பட்டிருக்கிறது. பின்னால் உள்ள முடிவு திறந்திருக்கிறது. ஆகவே C3 செல்லில் அது `=SUM($B$2:B3)` ஆகவும், C4 செல்லில் `=SUM($B$2:B4)` ஆகவும், C7 செல்லில் `=SUM($B$2:B7)` ஆகவும் மாறி, கூட்டப்படும் பகுதி வரிசைக்கு வரிசை நீண்டுகொண்டே போகிறது. விடைகள் முதல் முறையில் வந்தவையேதான்.

இங்கே நடுவில் ஒரு வரிசையைச் செருகினால், அதற்குக் கீழே உள்ள எல்லாச் சூத்திரங்களின் பகுதியும் தானாக விரிந்து புதிய தொகையையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். செருகிய வரிசையின் C செல்லுக்கு மட்டும் சூத்திரத்தை மேலிருந்து இழுத்து நிரப்ப வேண்டும். ஒரு வரிசையை நீக்கினாலும் பகுதி சுருங்குமே தவிர பிழை வராது. கடைக் கணக்கைப் போல அடிக்கடி திருத்தப்படும் பட்டியலுக்கு இந்த முறையே ஏற்றது என்பது என் கருத்து. இதற்கு ஒரு விலையும் உண்டு. பத்தாயிரம் வரிசைகள் இருந்தால், கடைசி வரிசை பத்தாயிரம் செல்களைக் கூட்ட வேண்டும், அதற்கு முந்தையது ஒன்று குறைவாக, இப்படியே எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 5 கோடி செல்களைப் படிக்க வேண்டியிருக்கும். கோப்பு மெதுவாவது கண்கூடாகத் தெரியும். அத்தகைய நீண்ட பட்டியலுக்கு முதல் முறையே மேல். பன்னிரண்டு மாதங்களுக்கு இந்த வேறுபாட்டைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

எக்செலில் இந்தச் சூத்திரத்தை நிரப்பியவுடன் C நெடுவரிசையின் செல்களில் இடது மேல் மூலையில் சிறு பச்சை முக்கோணங்கள் தோன்றக்கூடும். பக்கத்தில் எண்கள் உள்ள செல்களைச் சூத்திரம் விட்டுவிட்டதாக எக்செல் நினைப்பதால் வரும் குறி அது. இங்கே நாம் வேண்டுமென்றேதான் கீழே உள்ள மாதங்களை விட்டிருக்கிறோம் என்பதால் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

கீழே இழுப்பதற்குப் பதிலாக, அந்தச் சிறு சதுரத்தை இருமுறை சொடுக்கினால் பக்கத்து நெடுவரிசையில் எண்கள் இருக்கும் வரை சூத்திரம் தானே நிரம்பும் என்பது பலருக்குத் தெரிந்த குறுக்குவழி. நம்முடைய பட்டியலில் B8 செல்லிலும் எண் இருப்பதால், அது மொத்த வரிசைக்கும் சேர்த்து நிரப்பிவிடும். அப்போது C8 செல்லில் 9,00,000 என்று தெரியும்: ஆறு மாதத் தொகைகளும் அவற்றின் மொத்தமும் சேர்ந்து இரட்டிப்பான எண் அது. அதை அழித்துவிட வேண்டும். இதுவரை மொத்தம் என்ற நெடுவரிசைக்குத் தனியே ஒரு மொத்தம் கிடையாது. அதன் கடைசி மாதத் தொகையே மொத்தம். C7 செல்லும் B8 செல்லும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது முதல் சோதனை.

இனி பங்கு. ஒரு மாதத் தொகையை மொத்தத்தால் வகுத்தால் பங்கு கிடைக்கும். D2 செல்லில் `=B2/B8` என்று எழுதினால் ஏப்ரலுக்குச் சரியான விடை வரும். அதைக் கீழே இழுத்தால் D3 முதல் D7 வரை எல்லாச் செல்களிலும் `#DIV/0!` என்று வரும். காரணம் ஏற்கெனவே பார்த்ததுதான்: மே மாதத்தின் சூத்திரம் `=B3/B9` ஆகிவிட்டது, B9 வெறுமையான செல், வெறுமை பூச்சியமாகக் கொள்ளப்படும், பூச்சியத்தால் வகுக்க முடியாது. மேலே உள்ள எண் நகர வேண்டும், கீழே உள்ள மொத்தம் நகரக் கூடாது என்பதால், பூட்ட வேண்டியது மொத்தத்தையே.

```
=B2/$B$8
```

`$` குறிகளைக் கையால் தட்டலாம். அல்லது சூத்திரத்தில் B8 என்ற பகுதியில் கர்சரை வைத்து `F4` விசையை ஒருமுறை அழுத்தலாம். சில மடிக்கணினிகளில் `Fn` விசையோடு சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

இரண்டு நெடுவரிசைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இந்த `$` குறியின் இடத்தில்தான் வெளிப்படுகிறது. இதுவரை மொத்தம் மேலே மட்டுமே பார்க்கும் கணக்கு. ஆகவே பட்டியலின் தொடக்கத்தைப் பூட்டுகிறோம். பங்கு என்பது பட்டியல் முழுவதையும் பார்த்தாக வேண்டிய கணக்கு. ஆகவே முழுத் தொகையைப் பூட்டுகிறோம். இதன் விளைவொன்றைச் சற்றுப் பின்னால் புதிய மாதம் சேர்க்கும்போது பார்ப்போம்.

D2 செல்லில் இப்போது 0.093333 என்பது போன்ற ஒரு பின்னம் தெரியும். அதைச் சதவீதமாக மாற்ற நூறால் பெருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. விரிதாளில் அது தேவையில்லை. செல்களைத் தேர்ந்தெடுத்து `%` பொத்தானை அழுத்தினாலே, உள்ளே இருக்கும் மதிப்பு மாறாமல், எக்செலில் அது 9% என்றும் கூகுள் ஷீட்ஸில் 9.33% என்றும் காட்டப்படும். நூறால் பெருக்கிவிட்டு அதன்மேல் சதவீத வடிவமும் கொடுத்தால் 933% என்று வரும். மூன்று இலக்கச் சதவீதத்தைப் பங்கு நெடுவரிசையில் கண்டால் முதலில் இதைத்தான் ஐயப்பட வேண்டும்.

தசமப் புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் காட்டும்படி வைத்தால் பட்டியல் இவ்வாறு அமையும்.

| மாதம் | விற்பனை | இதுவரை மொத்தம் | பங்கு |
|---|---|---|---|
| ஏப்ரல் | 42,000 | 42,000 | 9.3% |
| மே | 68,000 | 1,10,000 | 15.1% |
| ஜூன் | 1,55,000 | 2,65,000 | 34.4% |
| ஜூலை | 74,000 | 3,39,000 | 16.4% |
| ஆகஸ்ட் | 51,000 | 3,90,000 | 11.3% |
| செப்டம்பர் | 60,000 | 4,50,000 | 13.3% |
| மொத்தம் | 4,50,000 | | 100.0% |

கூர்ந்து பார்ப்பவர் இந்தப் பங்குகளைக் கையால் கூட்டினால் 99.8 தான் வருகிறது என்பார். அவர் சொல்வது சரி. தசமமே இல்லாமல் முழு எண்ணாகக் காட்டினால் இன்னும் மோசம்: 9, 15, 34, 16, 11, 13 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 98. சூத்திரத்தில் பிழை ஏதுமில்லை. ஜூனின் உண்மையான பங்கு 34.444... என்று நீள்கிறது, திரையில் தெரிவது அதன் சுருக்கம் மட்டுமே. இந்தப் பட்டியலில் தற்செயலாக ஆறு பங்குகளுமே கீழ்நோக்கிச் சுருங்குவதால் இழப்பு ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டது. வேறு தொகைகளுக்கு 101 என்றும் வரலாம். விரிதாள் கூட்டும்போது முழு மதிப்புகளையே கூட்டுவதால், அதன் கூட்டுத்தொகை சரியாக 100% ஆக இருக்கும். 100 வரவில்லையே என்று ஒரு மாதத்தின் பங்கைக் கையால் திருத்துவதும், சூத்திரத்துக்குள் `ROUND` போட்டு உண்மையான மதிப்பையே வெட்டிவிடுவதும் வேண்டாத வேலைகள். அச்சிட்டுப் பிறருக்குக் கொடுக்கும்போது, முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை சற்று வேறுபடலாம் என்று அடியில் ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த மொத்த வரிசையின் D8 செல்லில் என்ன எழுதுவது என்பது சிறிய செய்திபோலத் தோன்றினாலும் முக்கியமானது. மேலிருந்து இழுத்து நிரப்பினால் அங்கே `=B8/$B$8` என்று வரும். ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால், பட்டியலில் எத்தனை தவறு இருந்தாலும் 100% தான் வரும். அந்த 100% எதையும் உறுதிசெய்வதில்லை. அதற்குப் பதிலாக `=SUM(D2:D7)` என்று எழுதினால், ஆறு பங்குகளும் உண்மையிலேயே சேர்ந்து முழுமையாகின்றனவா என்பதைக் காட்டும் சோதனையாக அது மாறிவிடும். இது இரண்டாவது சோதனை.

இந்தச் சோதனை எங்கே கைகொடுக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மே மாதத் தொகையை வாட்ஸ்அப் செய்தியிலிருந்தோ வேறு மென்பொருளிலிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். பார்வைக்கு 68000 என்று எண்போலவே இருக்கிறது. ஆனால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது. `SUM` எழுத்துகளைக் கூட்டாமல் தாண்டிப் போய்விடும் என்பதால், B8 செல்லில் 4,50,000 க்குப் பதில் 3,82,000 வரும். C நெடுவரிசையும் `SUM` கொண்டே எழுதப்பட்டிருப்பதால் அதுவும் மே மாதத்தைத் தாண்டிச் சென்று 3,82,000 இல் முடியும். ஆக, C7 செல்லும் B8 செல்லும் ஒத்துப்போகின்றன. முதல் சோதனை தேறிவிட்டது. ஆனால் இரண்டுமே தவறு.

வகுத்தல் குறி வேறு விதமாக நடந்துகொள்கிறது. எண்போலத் தோன்றும் எழுத்தை எண்ணாக மாற்றி வகுத்துவிடுவது அதன் இயல்பு. ஆகவே மே மாதத்தின் பங்கு 68,000 ஐ 3,82,000 ஆல் வகுத்து 17.8% என்று வரும். மற்ற ஐந்து மாதங்களின் பங்குகள் மட்டுமே சேர்ந்து 100% ஆகிவிடுவதால், D8 செல் 117.8% என்று காட்டும். நூறைத் தாண்டிய அந்த 17.8 எந்த மாதத்தின் பங்காக இருக்கிறதோ, அந்த மாதத்தின் தொகையே எழுத்தாகக் கிடக்கிறது. ஒட்டிய தொகை 'ரூ.68,000' என்பதுபோல எழுத்து கலந்ததாக இருந்தால் அதை எண்ணாக மாற்ற முடியாது. D3 செல்லும் அதைக் கூட்டும் D8 செல்லும் `#VALUE!` என்று காட்டும்.

எண்களைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இரண்டு அடையாளங்கள் உண்டு. இதுவரை மொத்தத்தில் மே மாதத்துக்கும் 42,000 என்றே இருக்கும். விற்பனை நடந்த மாதத்தில் அந்த எண் ஏறாமல் நிற்க வழியில்லை. மேலும், நீங்களாக ஒழுங்கை மாற்றியிருக்காவிட்டால், எண்கள் செல்லின் வலப்பக்கம் ஒட்டியும் எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். திருத்துவதற்கு, முதலில் அந்த செல்லின் வடிவத்தை எண் என்று மாற்றிவிட்டுப் பிறகு தொகையை மறுபடி தட்ட வேண்டும். வடிவம் எழுத்தாகவே இருக்கும்போது எத்தனை முறை தட்டினாலும் அது எழுத்தாகவே பதியும்.

இனி, அக்டோபர் முடிந்து 90,000 விற்பனை ஆனதாகக் கொண்டு பட்டியலை நீட்டுவோம். மொத்த வரிசைக்கு மேலே ஒரு வரிசையைச் செருகினால் அக்டோபர் 8 ஆவது வரிசையிலும் மொத்தம் 9 ஆவது வரிசையிலும் நிற்கும். பூட்டிய முகவரியும் மொத்தத்தைப் பின்தொடர்ந்து `$B$9` என்று மாறிக்கொள்ளும். `$` என்பது இழுக்கும்போது நகராமல் இருப்பதற்கே தவிர, மொத்தத்தின் செல் இடம் மாறினால் அதைத் தொலைத்துவிடுவதில்லை. ஆனால் மொத்தத்தின் சூத்திரம் `=SUM(B2:B7)` என்றே நின்றுவிடலாம், ஏனெனில் புதிய வரிசை அந்தப் பகுதியின் நடுவில் வரவில்லை, விளிம்புக்கு வெளியே வந்திருக்கிறது. எக்செல் சில வேளைகளில் அதைத் தானே நீட்டும். அதை நம்பியிருப்பது சரியல்ல. நீளாமல் நின்றுவிட்டால், C மற்றும் D நெடுவரிசைகளை அக்டோபருக்கும் நிரப்பி, பங்குகளின் கூட்டலையும் D8 வரை நீட்டும்போது, இதுவரை மொத்தம் 5,40,000 என்றும் கீழே மொத்தம் 4,50,000 என்றும் முரண்படும். பங்குகள் 120% ஆகும். இங்கே இரண்டு சோதனைகளுமே தவறைக் காட்டிவிடும்.

மாதாமாதம் இந்தச் சிக்கலை எதிர்கொள்வதைவிட, பன்னிரண்டு மாதப் பெயர்களையும் முதலிலேயே 2 முதல் 13 வரையுள்ள வரிசைகளில் எழுதிவிட்டு, மொத்தத்தை அடியில் வைக்காமல் F1 செல்லில் `=SUM(B2:B13)` என்று தனியே வைத்துவிடுவது நல்ல ஏற்பாடு. இனி வரிசையைச் செருக வேண்டியதில்லை, இருமுறை சொடுக்கினால் மொத்த வரிசைக்குள் சூத்திரம் வழிந்தோடவும் வழியில்லை. வராத மாதங்களுக்கு மட்டும் ஒரு சிறு ஏற்பாடு தேவை. இல்லையென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை எல்லா வரிசைகளிலும் 5,40,000 என்ற எண்ணே திரும்பத் திரும்பத் தெரியும். அதை வரைபடமாக்கினால் விற்பனை நின்றுவிட்டதுபோலக் கோடு படுத்துக் கிடக்கும். விற்பனை செல் வெறுமையாக இருந்தால் விடையும் வெறுமையாகத் தெரியட்டும் என்று எழுதிவிடலாம்.

```
C2:  =IF(B2="","",SUM($B$2:B2))
D2:  =IF(B2="","",B2/$F$1)
```

வரைபடத்தில் மட்டும் இந்த வெறுமையை எக்செல் பூச்சியமாக வரையக்கூடும் என்பதால், வரைபடத்துக்கு விற்பனை முடிந்த மாதங்களை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது.

அக்டோபர் சேர்ந்தபின் பட்டியலைப் பாருங்கள். இதுவரை மொத்தத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் எண்கூட மாறவில்லை. பங்கு நெடுவரிசையிலோ எல்லாமே மாறிவிட்டன: 9.3% ஆக இருந்த ஏப்ரல் 7.8% ஆகவும், 34.4% ஆக இருந்த ஜூன் 28.7% ஆகவும் இறங்கியிருக்கின்றன. ஏப்ரலிலோ ஜூனிலோ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வகுக்கும் மொத்தம் 4,50,000 இலிருந்து 5,40,000 ஆனதுதான் காரணம். மேலே மட்டும் பார்க்கும் கணக்கு, முழுவதையும் பார்க்கும் கணக்கு என்று முன்பு சொன்ன வேறுபாட்டின் விளைவு இது. அதனால், செப்டம்பரில் அச்சிட்ட தாளையும் அக்டோபரில் அச்சிட்ட தாளையும் பக்கத்தில் வைத்து ஜூனின் பங்கு விழுந்துவிட்டது என்று யாரும் பேசாமல் இருக்க, பங்கு என்ற தலைப்போடு 'ஏப்ரல்–அக்டோபர் மொத்தத்தில்' என்று எந்த மொத்தத்தில் பங்கு என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

இரண்டு நெடுவரிசைகளையும் இணைத்து மூன்றாவது ஒன்றை எழுதவும் முடியும். இதுவரை மொத்தத்தை முழு மொத்தத்தால் வகுத்தால், அதாவது அரையாண்டுப் பட்டியலில் `=C2/$B$8` என்று எழுதினால், அந்த மாதம் முடிய எத்தனை சதவீத விற்பனை முடிந்தது என்பது கிடைக்கும். ஜூன் வரிசையில் அது 58.9%. அரையாண்டு விற்பனையில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடுவதால், ஜூலைக்குப் பிறகு எவ்வளவு சரக்கு வாங்கி அடுக்குவது என்று கடைக்காரர் முடிவெடுக்க இது உதவும்.

பட்டியலின் வரிசை ஒழுங்கைப் பற்றி ஒரு செய்தி மட்டும் மிச்சமிருக்கிறது. பங்கு நெடுவரிசைக்கு வரிசை ஒழுங்கு ஒரு பொருட்டே அல்ல; எந்த மாதம் எங்கே போனாலும் அதன் பங்கு அதனோடே போகும். இதுவரை மொத்தம் அப்படியல்ல. யாராவது மாத நெடுவரிசையை அகர வரிசைப்படுத்திவிட்டால் ஆகஸ்ட் முதலிலும் ஏப்ரல் அதற்கு அடுத்தும் வந்துவிடும். சூத்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்து 51,000, 93,000 என்று கூட்டிக்கொண்டு போகும். ஆனால் அந்த எண்கள் எந்தத் தேதி வரையிலான விற்பனையும் அல்ல. மாதப் பெயருக்குப் பதிலாக அந்த மாதத்தின் முதல் தேதியையே செல்லில் எழுதி, மாதம் மட்டும் தெரியும்படி வடிவத்தை மாற்றி வைத்தால், வரிசைப்படுத்தினாலும் காலவரிசையே வரும். பொருள்வாரிப் பட்டியலாக இருந்தால் இதையே வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம்: நோட்டு, பேனா, வரைபடத்தாள் என்ற வரிசைகளை விற்பனைத் தொகை மிகுந்தது முதலில் வரும்படி அடுக்கிவிட்டால், மூன்றாவது நெடுவரிசையில் 80% எந்தப் பொருளோடு நிறைகிறது என்று பார்த்து, அதற்கு மேலே உள்ள சரக்கு தீராமல் பார்த்துக்கொள்ளலாம்.